முன்னும் பின்னும்: கிளைகளுக்கு ஒரு டம்பெல் வரைபு

பேலியகொடை மத்திய மீன் சந்தையில் விடியுமுன் மீன் எடுத்து, கொழும்பிலும் அதைச் சுற்றியும் எட்டு இடங்களில் சில்லறைக் கடை நடத்தும் ஒரு வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனை வியாபாரம்தான், எண்களும் பயிற்சிக்காக நான் இட்டவை. ஆனால் இப்படிப்பட்ட கடைகளில் எதைப் பார்த்துப் புள்ளியிடுவார்கள் என்பது கற்பனை அல்ல. நூறு புள்ளியில் ஐஸுக்கு 25, வெட்டும் பலகையின் சுத்தத்துக்கு 25, கழிவுநீருக்கும் குப்பைக்கும் 25, தராசுக்கும் விலைப் பலகைக்கும் 25. பெப்ரவரியில் ஒரு மேற்பார்வையாளர் எல்லாக் கடைகளுக்கும் போய்ப் புள்ளியிட்டார். மார்ச்சில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஜூனில் மீண்டும் புள்ளியிட்டார்கள்.

வந்த எண்கள் இவை. கொட்டாஞ்சேனை 58 இலிருந்து 79. வத்தளை 49 இலிருந்து 70. தெஹிவளை 66, பிறகு 76. பொரளை 74, பிறகு 83. பேலியகொடை 71, பிறகு 78. நீர்கொழும்பு 85, பிறகு 89. மட்டக்குளி 61, பிறகு 64. வெள்ளவத்தை 82, பிறகு 74.

முதலாளிக்கு அனுப்பும் அறிக்கையில் வழக்கமாக ஒரே வரிதான் இருக்கும்: சராசரி 68 இலிருந்து 77 ஆக உயர்ந்தது. பொய் இல்லை. ஆனால் எட்டுக் கடைகளில் ஒன்று சறுக்கியிருப்பதை அந்த வரி விழுங்கிவிடுகிறது. முன்-பின் என்று இரண்டிரண்டாகச் சட்டங்களை நிறுத்திப் பதினாறு சட்டங்களாக வரைந்தாலும், வெள்ளவத்தையைக் கண்டுபிடிக்கக் கண் ஒவ்வொரு சோடியாகத் தேடிப்போக வேண்டும். இந்த வேலைக்குப் பொருத்தமானது டம்பெல் வரைபு. ஒரு கிளைக்கு ஒரு வரி. அந்த வரியில் முன்னைய புள்ளிக்கு ஒரு வட்டம், பின்னைய புள்ளிக்கு ஒரு வட்டம், இரண்டையும் இணைக்க ஒரு கோடு. உடற்பயிற்சிக்காரர் தூக்கும் டம்பெல் போலத் தெரிவதால் அந்தப் பெயர்.

இதன் மூதாதை அமெரிக்கப் புள்ளிவிவரவியலாளர் வில்லியம் கிளீவ்லண்ட் 1984 இல் முன்வைத்த புள்ளி வரைபு. அதே ஆண்டில் அவரும் ரொபர்ட் மக்கில்லும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, மனிதக் கண் எதைச் சரியாக அளக்கிறது என்று சோதித்தது. ஒரே அளவுகோலின் மேல் இருக்கும் இரு இடங்களை ஒப்பிடுவதில்தான் நாம் மிகக் குறைவாகத் தவறுகிறோம். நீளங்களையும் கோணங்களையும் பரப்புகளையும் ஒப்பிடும்போது அதைவிடக் கூடுதலாகத் தவறுகிறோம். டம்பெல்லின் எல்லா வட்டங்களும் கீழே இருக்கும் ஒரே அளவுகோலுக்கு மேல்தான் நிற்கின்றன. சராசரியோ வித்தியாசமோ மட்டும் தராத ஒன்று அதனால் கிடைக்கிறது: எங்கிருந்து கிளம்பினார்கள், எங்கே வந்து நிற்கிறார்கள் என்பது. கொட்டாஞ்சேனையும் வத்தளையும் இரண்டுமே 21 புள்ளி ஏறியவை. வித்தியாசத்தை மட்டும் வரைந்தால் இரட்டைப் பிள்ளைகள். டம்பெல்லில் கொட்டாஞ்சேனை பேலியகொடையையும் தாண்டி நிற்கிறது. வத்தளையோ அவ்வளவு ஏறியும் கடைசிக்கு முந்திய இடத்தில்தான் நிற்கிறது.

எக்செலில் வரைதல்

எக்செலின் வரைபுப் பட்டியலில் டம்பெல் என்று ஒன்று இல்லை. சிதறல் வரைபையும் பிழைக் கோடுகளையும் சேர்த்து நாமே கட்ட வேண்டும்.

தாளில் A நிரலில் கிளையின் பெயர், B இல் பெப்ரவரிப் புள்ளி, C இல் ஜூன் புள்ளி. முதல் வரி தலைப்புக்கு; தரவு 2 இலிருந்து 9 வரை. D இல் வித்தியாசம். E இல் அந்தக் கிளையின் வரி எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்ற எண், 1 முதல் 8 வரை. F இல் ஏற்றம், G இல் இறக்கம். H இல் எல்லாக் கிளைக்கும் 40 என்று போடுங்கள். அது பெயர்களை இடப்பக்கம் நிறுத்த உதவும்.

```
D2:  =C2-B2
F2:  =MAX(C2-B2,0)
G2:  =MAX(B2-C2,0)
```

ஏற்றத்தையும் இறக்கத்தையும் தனித்தனி நிரலாகப் பிரித்ததற்குக் காரணம் உண்டு. ஒரே நிரலில் வைத்து, ஏறிய கிளைகளை மட்டும் பார்த்துக் கோட்டின் திசையை அமைத்துவிட்டால், இறங்கிய கிளையில் என்ன நடந்தது என்று பிறகு கண்ணால் சரிபார்க்க வேண்டியிருக்கும். இரண்டாகப் பிரித்தால் வெள்ளவத்தையின் கோடு தானாகவே இடப்பக்கம் போகும்.

அடுத்தது வரிசை. A இலிருந்து D வரை தெரிவுசெய்து, D இன்படி சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்; அதன்பின் E இல் 1, 2, 3 என்று இடுங்கள். அகர வரிசையில் அடுக்க வேண்டாம். அது பெயர் தேடுகிறவருக்கு உதவும், நிலைமை தேடுகிறவருக்கு உதவாது. நமது கேள்வி பயிற்சி எங்கே பலித்தது என்பது. ஆகவே வித்தியாசத்தின்படி அடுக்குவதே சரி. மேற்பார்வையாளரை நாளை எந்தக் கடைக்கு அனுப்புவது என்பதுதான் கேள்வி என்றால் ஜூன் புள்ளியின்படி அடுக்குங்கள். அப்போது கடைசியில் நிற்பது வெள்ளவத்தை அல்ல, மட்டக்குளி.

இனி Insert பட்டியலில் Scatter. வெற்று வரைபு வந்ததும் Select Data வழியாக மூன்று தொடர்களைச் சேர்க்க வேண்டும். முதல் தொடருக்கு X ஆக B2:B9, இரண்டாவதற்கு C2:C9, மூன்றாவதற்கு H2:H9. மூன்றுக்கும் Y ஒன்றுதான்: E2:E9.

முதல் தொடரைத் தொட்டு Error Bars சேர்த்தால் கிடையாகவும் நிலையாகவும் இருவகைக் கோடுகள் வரும். நிலைக்கோடுகளை அழித்துவிடுங்கள். கிடைக்கோட்டில் Direction ஐ Both என்றும் End Style ஐ No Cap என்றும் வைத்து, Custom இல் Specify Value ஐத் திறந்து Positive Error Value க்கு F2:F9, Negative Error Value க்கு G2:G9 கொடுங்கள். வட்டங்கள் இணைந்துவிடும். கோட்டைச் சாம்பல் நிறத்தில் சற்றுத் தடிப்பாக்கலாம்.

மூன்றாம் தொடரின் குறியை இல்லாமல் செய்து, அதற்கு Data Labels போட்டு, Value From Cells இல் A2:A9 ஐக் காட்டி, Y Value ஐ நீக்கி, இடத்தை Left என்று வையுங்கள். நிலை அச்சின் எண்களை மறைத்துவிட்டால் இடப்பக்கம் பெயர்கள் மட்டும் நிற்கும். கிடை அச்சின் குறைந்த அளவை 40 என்றும் கூடிய அளவை 100 என்றும் பூட்டிவிடுங்கள்.

சட்ட வரைபு என்றால் அச்சைச் சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று இந்நூலில் முன்பு வற்புறுத்தியிருக்கிறேன். இங்கே அது கட்டாயமில்லை. சட்டத்தில் கண் படிப்பது அடியிலிருந்து நுனி வரையான நீளத்தை; அடியை வெட்டினால் நீளம் பொய்யாகும். டம்பெல்லில் படிப்பது இடத்தையும் இரு இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும். 40 இல் தொடங்கினாலும் 21 புள்ளித் தூரம் 7 புள்ளித் தூரத்தின் மூன்று மடங்காகவே இருக்கும். ஆனாலும் 60 முதல் 90 வரை என்று நெருக்கினால் வத்தளையினதும் கொட்டாஞ்சேனையினதும் முன்னைய வட்டங்கள் வரைபிலிருந்தே விழுந்துவிடும். மட்டக்குளியின் மூன்று புள்ளியும் பெரிய தாவல் போலத் தெரியும். ஒரு முறை தேர்ந்த அச்சை அடுத்த அறிக்கையிலும் மாற்றாதீர்கள்.

எது முன், எது பின்?

டம்பெல்லின் பெரிய பலவீனம், அதற்குத் திசை இல்லை என்பது. இரு முனையும் ஒன்றுபோல இருந்தால் வெள்ளவத்தை எட்டுப் புள்ளி ஏறியதாகவே வாசகர் எடுத்துக்கொள்வார், ஏனென்றால் மற்ற ஏழும் ஏறியிருக்கின்றன. சிவப்பும் பச்சையும் இட்டுவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆண்களில் ஏறத்தாழ பன்னிரண்டு பேரில் ஒருவருக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. அதைவிட அன்றாடப் பிரச்சினை, கிளைக்குப் போகும் பிரதி கறுப்பு-வெள்ளையில் போகிறது என்பது. முன்னைய வட்டத்தை உள்ளே வெள்ளையாக விட்ட வளையமாகவும், பின்னைய வட்டத்தை நிரப்பிய வட்டமாகவும் வையுங்கள். எந்தப் பிரதியிலும் அது நிற்கும். இறங்கிய கிளையின் கோட்டை மட்டும் இருட்டாக்க வேண்டுமானால், G2:G9 ஐ முதல் தொடரில் கொடுக்காமல் இரண்டாம் தொடரின் Positive Error Value ஆகக் கொடுத்து, அந்தக் கோட்டுக்குத் தனி நிறம் இடுங்கள்.

விளக்கப் பெட்டியை மூலையில் வைப்பதைவிட, மேல் வரியின் இரு வட்டங்களுக்கு மேலேயே ‘பெப்ரவரி’, ‘ஜூன்’ என்று எழுதுவது நல்லது. கொழும்பு வியாபாரம் என்றால் சிங்களத்திலும் எழுத வேண்டியிருக்கும். மேலே இரண்டு சொல், இடப்பக்கம் எட்டுப் பெயர், அவ்வளவுதானே. இரு மொழிக்கும் இடம் போதும்.

எதிர்த்திசையில் போன கோடு

இப்போது வரைபைப் பார்த்தால் ஏழு கோடுகள் வலப்பக்கம், ஒன்று இடப்பக்கம். கூட்டத்தில் எல்லோருடைய விரலும் அங்கேதான் போகும். வெள்ளவத்தை முகாமையாளரைக் கூப்பிட்டு ஏசுவதற்கு முன், இதே மாதிரி ஒரு கோட்டைச் சுற்றி, எண்களை அளந்து அறுபது ஆண்டு கழித்து எழுந்த விவாதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1931, 1932 ஆகிய இரண்டு ஆண்டுகளில், ஆறு இடங்களில், பத்து வகைப் பார்லியை விதைத்து விளைச்சலை அளந்தார்கள். இம்மர் என்பவரும் அவரது சகாக்களும் 1934 இல் அதை வெளியிட்டார்கள். புள்ளிவிவரவியலின் பெருந்தலை ரொனால்ட் ஃபிஷர் 1935 இல் வந்த தமது நூலிலேயே அந்த எண்களை எடுத்தாண்டார். அதன்பின் எத்தனையோ பேர் அவற்றை வைத்துக் கணக்குப் போட்டார்கள். கிளீவ்லண்ட் 1993 இல் தமது நூலில் ஆறு இடங்களையும் ஒரே அளவுகோலில், ஆண்டுக்கு ஒரு குறியாக வரைந்து காட்டினார். ஐந்து இடங்களில் 1931 இன் விளைச்சல் கூடுதல். மொரிஸ் என்ற இடத்தில் மட்டும் 1932 கூடுதல். மொரிஸில் இரண்டு ஆண்டுகளின் எண்களும் இடம்மாறிப் பதிவாகியிருக்க வேண்டும் என்று அவர் வாதிட்டார். அட்டவணையாகக் கிடந்தவரை எவர் கண்ணிலும் உறுத்தாதது, வரைந்ததும் உறுத்தியது.

கதை அங்கே முடியவில்லை. 2013 இல் கெவின் ரைட் என்பவர் மேலும் பல ஆண்டுகளின் விளைச்சலையும் அக்காலத்து வானிலையையும் சேர்த்துப் பார்த்தார். மொரிஸின் எதிர்த்திசை பதிவுத் தவறாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, இடத்துக்கு இடம் ஆண்டுக்கு ஆண்டு இயல்பாக வரும் மாறுபாட்டுக்குள்ளேயே அது அடங்கலாம் என்று எழுதினார். வரைபு கேள்வியைத்தான் எழுப்பும்; பதிலை வேறு இடத்தில் தேட வேண்டும்.

அதையே வெள்ளவத்தைக்குச் செய்து பார்ப்போம். முதலில், கையால் நிரப்பிய மூலத் தாள்களை எடுத்துத் திகதியைப் பாருங்கள். 82 பெப்ரவரியா, ஜூனா? தட்டச்சில் இரு எண்கள் இடம்மாறுவது சாதாரணம். நமது கணக்கில் திகதி சரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, நூறை நான்கு இருபத்தைந்தாக உடையுங்கள். பெப்ரவரியில் ஐஸ் 20, பலகை 22, கழிவு 20, தராசு 20. ஜூனில் ஐஸ் 12, மற்ற மூன்றும் அப்படியே. எட்டுப் புள்ளியும் ஐஸில் போயிருக்கிறது. கடை முழுதும் சோம்பிவிட்டது என்ற பேச்சு இத்தோடு அடிபட்டுப்போகிறது.

மூன்றாவது, ஐஸ் ஏன் குறைந்தது? பேலியகொடையிலிருந்து லொறி பிந்தியிருந்தால் காலி வீதியில் அடுத்து இருக்கும் தெஹிவளையும் அடிபட்டிருக்க வேண்டும். தெஹிவளையின் ஐஸ் புள்ளி 15 இலிருந்து 19 ஆக ஏறியிருக்கிறது, லொறியில் குற்றமில்லை. மூலத் தாளில் நேரத்தைப் பார்த்தால் விடை கிடக்கிறது. பெப்ரவரியில் எட்டுக் கடைகளுக்கும் காலை 7 மணியளவில் புள்ளியிட்டார்கள். ஜூனில் வெள்ளவத்தைக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குப் போயிருக்கிறார்கள். ஞாயிறு வெள்ளவத்தையில் மீன் வாங்கும் நாள். வெள்ளியில் அங்கே மீன்கடைக்காரர் ஈ ஓட்டுவார். ஞாயிறில் நிற்க இடமிருக்காது. பெட்டியைத் திறந்து திறந்து மூடும்போது ஐஸ் நிற்குமா?

இங்கே பலரும் செய்யும் பிழை, ‘அப்படியென்றால் 74 செல்லாது’ என்று எண்ணை எடுத்துவிடுவது. செய்ய வேண்டியது இரண்டு. அதே கடைக்கு ஒரு வாரநாளில் காலை ஏழு மணிக்குப் போய்ப் புள்ளியிட்டு, அந்த எண்ணை வரைபில் போட்டு, மாற்றியதையும் ஏன் மாற்றினோம் என்பதையும் அடிக்குறிப்பில் எழுதுவது. மற்றது, எட்டுக் கடைகளிலும் ஞாயிறு பதினொன்றரைக்கு ஐஸ் எப்படி இருக்கிறது என்று ஒரு முறை பார்ப்பது. மீனைச் சுழியம் பாகைக்கு அருகில் வைத்திருக்க வேண்டும், நமது வெப்பத்தில் மீனின் எடைக்கு ஏறத்தாழ அதே எடை ஐஸ் வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். காலையில் மட்டும் புள்ளியிட்டால் அது நண்பகலில் நடக்கிறதா என்று ஒருபோதும் தெரியாது. வெள்ளவத்தையின் 74 தவறான ஒப்பீடு. ஆனால் உண்மையான தகவல்.

நம்பக்கூடாத ஏற்றங்கள்

இறங்கிய கோட்டை இவ்வளவு துருவிய நாம் ஏறிய கோடுகளை அப்படியே ஏற்றுக்கொள்வது நியாயமில்லை.

முதலில் சிறிய ஏற்றங்கள். ஒரே வாரத்தில், ஒரே நேரத்தில், இரண்டு மேற்பார்வையாளர்கள் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் அதே கடைக்குப் புள்ளியிடட்டும். இரண்டு மூன்று கடைகளில் செய்தால் போதும். அவர்களுக்குள் ஐந்து புள்ளி வித்தியாசம் வருகிறது என்றால், மட்டக்குளியின் 3 உம் நீர்கொழும்பின் 4 உம் ஏற்றம் அல்ல. ‘மாற்றம் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். நீர்கொழும்புக்கு வேறொரு தடையும் உண்டு: 85 இல் நிற்பவர் ஏறுவதற்கு மிச்சம் பதினைந்துதான். அவரையும் வத்தளையையும் ஏற்றத்தை வைத்து ஒப்பிட்டுப் பரிசு கொடுத்தால் நீர்கொழும்புக்காரருக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது.

பெரிய ஏற்றத்திலும் ஒரு பொறி இருக்கிறது. மிகக் குறைந்த புள்ளி எடுத்த வத்தளையும் அதற்கு அடுத்த கொட்டாஞ்சேனையும்தான் மிகக் கூட ஏறியவை என்பதைக் கவனித்தீர்களா? ஒரு நாளில் மிக மோசமாகத் தெரிந்த கடைக்கு அன்று துரதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும்: ஒருவர் லீவு, தண்ணீர் வெட்டு, அடைத்த வடிகான். அடுத்த முறை பார்க்கும்போது அந்தத் துரதிர்ஷ்டம் இருக்காது. பயிற்சியே கொடுக்காவிட்டாலும் புள்ளி கொஞ்சம் ஏறும். இதைச் சராசரியை நோக்கிய பின்வாங்கல் என்பார்கள். பிரான்சிஸ் கால்டன் 1880களில் பெற்றோர்-பிள்ளைகளின் உயரத்தில் கண்டதும் இதையே. டம்பெல் வரைபு இந்தப் பொறியை மறைக்காது. அதை அழகாக்கிக் காட்டிவிடும், அதுதான் ஆபத்து. தப்பிக்க எளிய வழி, பயிற்சிக்கு முன் ஒரு முறைக்குப் பதில் இரண்டு வாரங்களில் இரு முறை புள்ளியிட்டு, அவற்றின் சராசரியை முன்னைய வட்டமாக வைப்பது. இன்னும் நல்ல வழி, பாதிக் கடைகளுக்கு மார்ச்சிலும் மீதிக்கு ஜூன் கணக்கு முடிந்த பின்னும் பயிற்சி கொடுப்பது. பயிற்சி பெறாத கடைகளும் ஜூனில் ஏறியிருந்தால், அந்த அளவை மற்றவற்றின் ஏற்றத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாக, இரண்டு வட்டங்களுக்கு நடுவே வேறு என்ன நடந்தது என்ற கேள்வி. பேலியகொடைச் சந்தையை நம்பியவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. 2020 ஒக்டோபரில் மீன் சந்தையில் கொரோனாக் கொத்தணி கிளம்பிச் சந்தை மூடப்பட்டது. அடுத்த மாதம் மெனிங் சந்தையும் புறக்கோட்டையிலிருந்து பேலியகொடைக்கு வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் முன்னைய புள்ளியையும் அடுத்த ஜனவரியில் பின்னைய புள்ளியையும் எடுத்த ஒரு மீன் வியாபாரியால், நடுவில் கொடுத்த பயிற்சியைப் பற்றி அந்தக் கோட்டிலிருந்து எதையும் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய சம்பவம் வேண்டியதில்லை. பெரிய வெள்ளிக்கு முந்திய வாரங்களில் கொட்டாஞ்சேனையிலும் நீர்கொழும்பிலும் மீனுக்கு வரும் கூட்டம் ஜூனில் வராது. போயா நாள் ஒரு கணக்கு, அதற்கு மறுநாள் ஒரு கணக்கு. இரு முறையும் ஒரே கிழமை, ஒரே நேரம், அதே மேற்பார்வையாளர் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் புறப்படுங்கள். இடையில் திறந்த புதிய கிளைக்கு ஒற்றை வட்டம் மட்டும் போடுங்கள். பூச்சியத்திலிருந்து கோடு இழுக்காதீர்கள். மூடிய கிளையை வரைபில் வைக்காவிட்டாலும் பெயரை அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் மோசமான கடையை மூடினாலே சராசரி ஏறும்.

ஒக்டோபரில் மூன்றாம் முறை புள்ளியிடுவீர்கள். அப்போது இதே வரைபில் மூன்றாவது வட்டத்தைச் செருக வேண்டாம். கோடு முன்னே போய்ப் பின்னே வந்தால் எந்த வட்டம் எந்த மாதம் என்று எவருக்கும் பிடிபடாது. மூன்று காலங்கள் சேர்ந்துவிட்டால் கிளைக்கு ஒன்றாக எட்டுச் சிறு கோட்டு வரைபுகளை ஒரே அச்சில் வரையுங்கள். டம்பெல் இரண்டு காலங்களுக்கு மட்டும்.